ஞாயிறு என்றுதான் எழுதியிருந்தது

ஃபிரிஸ்கோ,
நவம்பர் 9, 2025, ஞாயிறு இரவு

அன்புள்ள காமுவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் வீட்டில்கூட யாருக்கும் காட்டாதே. மாமாவுக்கு வேண்டாம். மாமிக்கும் வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டாலும் சரி, உன் பாட்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாலும் சரி. ஆனால் சத்தியமாக யாருக்கும் காட்டாதே. இப்போதே மனதுக்குள் சரி என்று சொல்லிவிட்டு மேலே படி.

ஏன் இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். எங்கள் வீட்டு விதி உனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு என் போன் சமையலறைக் கூடைக்குப் போய்விடும். அதில் நான் என்ன எழுதினாலும் அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டாம்ப் அம்மாவின் மேஜையிலிருந்து எடுத்தேன். அதையும் சேர்த்துக்கொள், என் குற்றப் பட்டியலில்.

நீ எழுதினால் நிருஜா வீட்டு முகவரிக்கு எழுது. அவள் பள்ளிக்குக் கொண்டுவந்து தருவாள். "ஆரடி உனக்கு நியூ ஜெர்சியில இருந்து கடிதம் போடப்போறது?" என்று கேட்டாள். கெமிஸ்ட்ரி நோட்ஸ் என்றேன். நம்பவில்லை, ஆனாலும் சரி என்றாள்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. நீ கிளம்பிய அன்று உன் வீட்டு வாசலுக்கு வராமல் இருந்ததற்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

கோயிலைப் பற்றிச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு அர்ச்சகர் காரில் வந்துபோகிறார். மற்ற நாட்களில் கமிட்டி மாமாக்களே கதவைத் திறந்து விளக்கேற்றுகிறார்கள். அந்தக் கட்டடம் மறுபடியும் பழைய கார்பெட் கிடங்கு மாதிரி ஆகிவிட்டது. மாமா குருக்களாக இருந்தபோது நுழைந்ததும் விபூதி வாசனை வரும். இப்போது கார்பெட் வாசனைதான் வருகிறது.

இன்று மத்தியானம் அப்பா லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். "இந்த வருஷம் ஃபெஸ்டிவல் லிஸ்ட் டைப் பண்ணணும்டா. நீதான் தமிழ் ஃபாஸ்ட்டா அடிப்ப." சென்னையிலிருந்து யாரோ அனுப்பிய பட்டியல். மார்கழி வரைக்கும் அடித்துவிட்டேன். ஆருத்ரா தரிசனம் வந்ததும் கை நின்றுவிட்டது.

போன ஜனவரியில் அந்த ஒரு வரியால்தானே எல்லாம் நடந்தது? மாமா ஒரு தேதி எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வேறு தேதி சொல்கிறார் என்று கமிட்டியில் சண்டை வந்தது, அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, நீங்கள் போனீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மாமா அந்த நாளை எப்படிக் கணக்கிடுவார்? சிதம்பரத்தில் 13 என்றால் இங்கேயும் ஏன் 13 இல்லை? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

இன்னொன்று சொல்லவும் வேண்டும். இன்று முடியவில்லை. என் கெமிஸ்ட்ரி புத்தகத்தில் ஒரு பொருள் இருக்கிறது. அடுத்த கடிதத்தில்.

மாமா நன்றாக இருக்கிறாரா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

உன்
ப்ரியம்வதா


பிஸ்கட்டவே,
நவம்பர் 21, 2025

என் ப்ரியத்துக்கு,

கடைசியில் உனக்குக் கை வந்ததே! மூன்று மாதமாக நான் அனுப்பிய மெசேஜுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாய். பெரிய மனுஷி ஆகிவிட்டாள், வகுப்பில் அந்த எமிலி கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள் என்று கோபமாக இருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது.

யாருக்கும் காட்டவில்லை. சத்தியம். பாட்டு நோட்டுக்குள் இருக்கிறாய்.

நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் குருக்கள் பெண், இதிலாவது கொஞ்சம் பந்தா காட்டுகிறேன்.

இன்றைக்கு என்ன நட்சத்திரம் என்றால், சந்திரன் இன்றைக்கு எந்த நட்சத்திரத்தின் பகுதியில் நிற்கிறது என்று அர்த்தம். அது திருவாதிரைக்குள் நுழைகிற கணம் உலகத்துக்கெல்லாம் ஒரே கணம்தான். சிதம்பரத்துக்கு ஒன்று, டெக்சாஸுக்கு ஒன்று கிடையாது. கடிகாரம்தான் வேறு. குளிர்காலத்தில் உங்கள் ஊர் இந்தியாவுக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. எங்களுக்குப் பத்தரை.

போன தடவை இந்தியக் கணக்கில் திருவாதிரை ஜனவரி 12 ஞாயிறு பகல் 11.24க்கு ஆரம்பித்து 13 திங்கள் காலை 10.38க்கு முடிந்தது. பௌர்ணமி திங்கள் விடியற்காலை 5.03க்கு வந்தது. அதனால் அங்கே திங்கட்கிழமை விடியும்போது நட்சத்திரமும் இருந்தது, பௌர்ணமியும் இருந்தது. சந்தேகமே இல்லாமல் அன்றுதான் ஆருத்ரா. இப்போது பதினொன்றரை மணி நேரத்தைக் கழி. உங்கள் ஊரில் திருவாதிரை சனி இரவு 11.54க்கு வந்து ஞாயிறு இரவு 11.08க்குப் போய்விட்டது. பௌர்ணமி ஞாயிறு மாலை 5.33க்குச் சேர்ந்தது. ஆக ஞாயிறு விடியும்போது திருவாதிரை, அன்று மாலையே பௌர்ணமியும் கூடிவிட்டது. திங்கள் விடியும்போது பௌர்ணமி மட்டும் மிச்சம். நட்சத்திரம் புனர்பூசம்.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? அந்த மார்கழியில் திருவாதிரை இரண்டு தடவை வந்தது. டிசம்பர் பாதியில், மாதம் பிறக்கும்போதே ஒன்று. ஆனால் அதற்குள் பௌர்ணமி முடிந்து தேய்பிறை ஆகிவிட்டது. அதனால் அப்பா அதைத் தள்ளிவிட்டுப் பௌர்ணமியோடு வருகிற இரண்டாவதை எடுத்தார். நட்சத்திரம் மட்டும் போதாது, நிலாவும் சம்மதிக்க வேண்டும் என்பார்.

ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன என்று கமிட்டி வேலுமணி அங்கிள் அன்றைக்குக் கேட்டாரே. நடராஜருக்கு வருஷத்தில் ஆறே நாள்தான் அபிஷேகம். மூன்று திதியைப் பார்த்து, மூன்று நட்சத்திரத்தைப் பார்த்து. மற்ற நாளில் அந்தத் திருமேனிமேல் ஒரு சொட்டு விடக்கூடாது. அதனால்தான், அச்சான தேதியை இனி மாற்ற முடியாது என்று கமிட்டி சொல்லியும், அப்பா திங்கட்கிழமை நடராஜரைத் தொடவில்லை. ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கே நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்று எல்லாம் செய்து முடித்துவிட்டோம். நான் பால் குடம் எடுத்துக் கொடுத்தேன். அம்மா களியும் கூட்டும் செய்து எடுத்து வந்திருந்தாள். ஹீட்டர் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை நானூறு பேர் லீவு போட்டுவிட்டு வந்து நின்றபோது அப்பா சிவலிங்கத்துக்குப் பௌர்ணமி பூஜை செய்தார். "களி எங்க சாமி? களி இல்லாம ஆருத்ராவா?" என்று அங்கிள் மைக்கிலேயே கேட்டார். "ஆருத்ரா நேத்தே ஆயிடுத்து" என்று அப்பா சொன்னதும் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் உன்னைத் தேடினேன். நீ தலையைக் குனிந்துகொண்டிருந்தாய்.

மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். சொல்லட்டுமா? அவர் தன்னையே நம்புவதில்லை. ஞாயிறுதான் சரி என்பதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. தான் காகிதத்தில் என்ன எழுதினோம் என்பதில்தான். "மனசுல ஞாயிறுன்னு நினைச்சுண்டு கையால திங்கள்னு எழுதிட்டேன் போல. நானூறு பேரை அலைக்கழிச்சுட்டேன்" என்கிறார். இப்போது யாருக்காவது கிரகப்பிரவேசத்துக்கு நாள் எழுதிக் கொடுத்தால்கூட என்னைக் கூப்பிட்டு, "படிச்சுக் காட்டும்மா, நான் என்ன எழுதியிருக்கேன்?" என்று கேட்கிறார். ஒரு தடவை இல்லை. மூன்று தடவை.

இங்கே ஒரு கோயிலில் அவரை எடுத்துக்கொள்ளச் சம்மதம். விசாவுக்கு அவர்கள் எழுத வேண்டுமென்றால் பழைய கோயிலிலிருந்து ஒரு நல்ல கடிதம் வேண்டுமாம். உங்கள் கமிட்டியிடம் கேட்டதற்கு, அவர் எழுதிக் கொடுத்த தேதியை அவரே மாற்றுபவர் என்பதை எழுதாமல் விட முடியாது என்றார்களாம். ஜனவரி பதினைந்துக்குள் வராவிட்டால் பிப்ரவரியில் ஊருக்குத் திரும்ப வேண்டும். எனக்குப் பத்தாம் வகுப்பு நடுவில் நிற்கும். அது பரவாயில்லை. அப்பா எந்த முகத்தோடு திரும்புவார் என்பதுதான்.

போகட்டும். கெமிஸ்ட்ரி புத்தகத்தில் என்ன ரகசியம்? பையன் யாராவது?

உன்
காமாக்ஷி


ஃபிரிஸ்கோ,
நவம்பர் 30, 2025

காமு,

பையன் இல்லை. பையனாக இருந்திருக்கலாம்.

புத்தகத்தில் இருப்பது மாமாவின் காகிதம். பட்டேல் கடைக் காலண்டரின் அக்டோபர் மாதத் தாள், பின்பக்கம், நீல மை. அப்படியே எழுதுகிறேன்:

"திருவாதிரை: 11 சனி இரவு 11.54 முதல் 12 ஞாயிறு இரவு 11.08 வரை. பௌர்ணமி: 12 மாலை 5.33 முதல். ஆருத்ரா அபிஷேகம் 12 ஞாயிறு விடியற்காலை 4 மணி. தரிசனம் 6.30. குழந்தை ப்ரியம்வதாவுக்கு ஆசீர்வாதம், தட்டச்சுக்கு."

ஞாயிறு என்றுதான் எழுதியிருந்தது. எப்போதும் ஞாயிறு என்றுதான் எழுதியிருந்தது. மாமாவின் கை தவறவில்லை. கோயில் காலண்டருக்கு நான்தான் 13 திங்கள் என்று அடித்தேன். தெரிந்தே அடித்தேன்.

ஏன் என்று எழுதக் கை கூசுகிறது. பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எமிலி ஜனவரி 11 சனிக்கிழமை பிறந்தநாளுக்கு ராத்திரி தங்கக் கூப்பிட்டிருந்தாள். ஆறு பேர் மட்டும். ஆறாவது வகுப்பில் மயிலாடுதுறையிலிருந்து வந்து சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக என்னை யாரோ அப்படிக் கூப்பிட்டார்கள். ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு அபிஷேகம் என்றால் அப்பா என்னை விடவே மாட்டார். அப்பாதான் செக்ரட்டரி, வீடே மூன்று மணிக்குக் கோயிலில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். பீட்சாவுக்காக.

எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எல்லோருடைய வாட்ஸாப்பிலும் சென்னைக்காரர்கள் 13 என்றுதான் போடுவார்கள். நிலாவும் அன்றுதான் முழுசு. யாருக்கு என்ன நஷ்டம்? மாமா ஏதோ பழக்கத்தில் ஒரு நாள் முன்னால் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்றரை மணி நேரக் கணக்கு அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாற்றியிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன் இனிமேல்.

காலண்டர் அச்சாகி வந்து எல்லோரும் திங்களுக்கு லீவு எழுதிக் கொடுத்த பிறகுதான் மாமா பார்த்தார். என்னைத்தான் முதலில் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. பிரசாதக் கவுண்டர் பக்கத்தில். "நான் ஞாயிறுன்னு தானேம்மா எழுதினேன்?" நான், "இல்ல மாமா, 13னு இருந்துது" என்றேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார், காமு. தன் கையையே யாரோ மாதிரிப் பார்த்தார். "அப்படியா? சரிம்மா, வயசாறது" என்றார்.

அன்று ராத்திரி அப்பா கேட்டார்: "அவர் குடுத்த பேப்பர் எங்க?" ரீசைக்ளிங்கில் போட்டுவிட்டேன் என்றேன். போடவில்லை. கிழிக்கவும் முடியவில்லை, ஆசீர்வாதம் என்று எழுதியிருந்தது.

எமிலி வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் நாலு மணிக்கு விழித்துக்கொண்டேன். ஜன்னல் வழியே மேற்கே நிலா. ஒரு ஓரம் கொஞ்சம் குறைச்சலாக, பெரிதாக இருந்தது. இந்நேரம் மாமா பால் அபிஷேகம் செய்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அவர் எப்படியும் செய்வார் என்று தெரியும். நீ குளிரில் குடத்தோடு நின்றாய் என்பது உன் கடிதத்தில்தான் தெரிந்தது. நான் ஸ்லீப்பிங் பேக்கை இழுத்து மூடிக்கொண்டேன்.

உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்ல நாலு தடவை மாடிப்படி வரை போனேன். கமிட்டி முன்னால் அவர் முகம் என்ன ஆகும்? அவர்தானே எல்லோரிடமும், "என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்று சொன்னார்?

என்னைத் திட்டு. ஆனால் யாரிடமும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

ப்ரியம்வதா


பிஸ்கட்டவே,
டிசம்பர் 9, 2025

ப்ரியம்வதா,

திட்ட வரவில்லை. மூன்று தாள் திட்டி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் அப்பா ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தம் எழுதினார். வழக்கம் போல என்னைக் கூப்பிட்டு, "படி" என்றார். படித்தேன். "நான் சரியாத்தானே எழுதியிருக்கேன்?" என்றார். "சரியாத்தான் எழுதியிருக்கே அப்பா. எப்பவும் சரியாத்தான் எழுதுவே" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். உனக்குக் கொடுத்த சத்தியம் வாயை அடைத்தது.

புரிகிறதா, நீ என்ன செய்திருக்கிறாய் என்று? இதுவரை எங்கள் வீட்டில் யாரும் அப்பாவிடம் பொய் சொன்னதில்லை. இப்போது நான் தினமும் சொல்கிறேன். உன்னோடதை எனக்கும் பாதி கொடுத்துவிட்டாய், பென்சில் பாக்ஸைப் பங்கு போட்ட மாதிரி.

நான் காட்ட மாட்டேன். சத்தியம் சத்தியம்தான். ஆனால் இனிமேல் எனக்கு எழுதாதே. இந்த விஷயத்தை நீ எழுத வேண்டிய ஆள் நான் இல்லை. உங்கள் கமிட்டிக்கு எழுதிவிட்டாய் என்றால் அப்புறம் எனக்கு எழுது.

ஜனவரி பதினைந்து.

காமாக்ஷி


ஃபிரிஸ்கோ,
ஜனவரி 3, 2026, சனி, நள்ளிரவு 12.40

காமு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் இந்த மூன்று வாரம் நடந்ததைக் கேள்.

சென்னைப் பட்டியலில் இந்த வருஷம் ஆருத்ரா ஜனவரி 3 சனி. கமிட்டி அபிஷேகம் காலை ஏழு மணி, தரிசனம் ஒன்பது என்று போட்டிருந்தது. உன் முதல் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழித்துப் பார்த்தேன். இந்தியாவில் திருவாதிரை வெள்ளி இரவு 8.04க்கு வந்து சனி மாலை 5.27க்குப் போகிறது. இங்கே வெள்ளி காலை 8.34 முதல் சனி காலை 5.57 வரை. வெள்ளி சூரியன் உதித்த பிறகு வந்து, சனி சூரியன் உதிக்கும் முன்னால் போய்விடுகிறது. எந்த விடியலையும் தொடவில்லை! பௌர்ணமி அதற்கும் முன்னால் 4.02க்கே போய்விடுகிறது. ஏழு மணிக்கு அபிஷேகம் செய்தால் மறுபடியும் புனர்பூசம்.

இரண்டாவது தடவை அந்தத் தப்பு என் விரல் வழியாகப் போகக் கூடாது என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, ஏழு மணிக்கு ஸ்டார் இருக்காது. 5:57க்கே முடிஞ்சிடும். அபிஷேகம் ரெண்டரைக்கு ஆரம்பிச்சு, அஞ்சரைக்குள்ள தரிசனம் காட்டிடணும்."

"உனக்கு யாருடா சொன்னா இதெல்லாம்?"

"கணக்குப் போட்டேன்."

அப்பா தானும் போட்டுப் பார்த்தார். பிறகு போன வருஷத்துக்கும் போட்டார். "ஞாயித்துக்கிழமைதான் சரி போல. அந்த மனுஷன் சொன்னது கரெக்ட்தான். எழுதும்போதுதான் கோட்டை விட்டுட்டாரு, பாவம்" என்றார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. "ஆமாம்பா" என்று வெளியே வந்தது.

அன்று ராத்திரி கமிட்டி ஜூம். அப்பா லேப்டாப்பை என் பக்கம் திருப்பி என்னையே விளக்கச் சொன்னார். நீ எழுதிய வார்த்தைகளையே சொன்னேன், உலகத்துக்கெல்லாம் ஒரே கணம், கடிகாரம்தான் வேறு என்று. எல்லோரும் கை தட்டினார்கள். வேலுமணி அங்கிள், "பசுபதி, என்ன சார் இது, வீட்லயே பஞ்சாங்கம் வெச்சிருக்கீங்க! நமக்கு ஒரு குருக்கள் இருந்தாரு, எழுதத் தெரியாம எழுதிக் குடுத்து மானத்த வாங்கினாரு. இந்த ஸ்கூல் பொண்ணு மினிட் வரைக்கும் சொல்லுது பாருங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். "ஆருத்ரா அன்னிக்கு நடராஜர் முன்னாடி இந்தப் பொண்ணுக்கு ஒரு சால்வை போட்டுடலாம்."

அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

காமு, அந்தப் பாயசத்தைக் குடித்தேன். அதையும் எழுதாமல் விட்டால் இதுவும் பொய்க் கடிதம் ஆகிவிடும்.

அந்தச் சால்வை இப்போது கீழே சோபாவில், பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. மயில் கழுத்து நிறம். தரிசனம் முடிந்ததும் வேலுமணி அங்கிள் போடுவார். மாமாவிடம் திருடிய கணக்குக்கு, மாமா நின்ற இடத்தில் நின்று நான் சால்வை வாங்க வேண்டும். மூன்று வாரமாக வயிறு வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போன வருஷமும் அப்படி ஒரு யோசனையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பதினொன்றரை மணிக்குக் கெமிஸ்ட்ரி புத்தகத்திலிருந்து மாமாவின் தாளை எடுத்தேன். என் கையால் ஒரு பக்கம் எழுதினேன், கமிட்டிக்கு. குருக்கள் ஞாயிறு என்றுதான் எழுதிக் கொடுத்தார், நான் மாற்றினேன், இதோ அவர் எழுதியது, அவருக்கு நல்ல கடிதம் கொடுங்கள், சால்வை வேண்டாம். கையெழுத்துப் போட்டேன். எமிலி பெயரை எழுதவில்லை. அவள் ஒன்றும் செய்யவில்லை, கேக் மட்டும்தான் கொடுத்தாள்.

இரண்டையும் கீழே சமையலறையில் அப்பாவின் கார் சாவிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். கோயில் சாவியும் அதே வளையத்தில்தான். அதை எடுக்காமல் அவரால் கிளம்ப முடியாது. ஒன்றரைக்கு அலாரம் வைத்திருக்கிறார்.

ஏன் எழுதுகிறேன் என்றால், சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான். இதைக் காட்டு. முதல் கடிதத்தையும் காட்டு, பீட்சா என்று எழுதியதையும் காட்டு. மாமா, "படிச்சுக் காட்டும்மா" என்று சொல்வாரே, அப்போது முகூர்த்தத்துக்குப் பதில் இதைப் படித்துக் காட்டு. மூன்று தடவை கேட்டாலும் படி. அவர் கை சரியாகத்தான் எழுதியது.

மன்னிப்பு கேட்கவில்லை. அதை மாமாவிடம் நேரில்தான் கேட்க வேண்டும், போனில்கூட இல்லை. நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் வீட்டு முகவரிக்கே எழுதலாம், இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

நிலா இப்போது நேர் உச்சியில் இருக்கிறது. திரையை விலக்கினால் நோட்டில் எழுத்துத் தெரிகிற வெளிச்சம். இந்த வருஷம் ஒரு ஓரமும் குறையவில்லை. இங்கேயும் அதே திருவாதிரைதான், பிஸ்கட்டவேயிலும் அதே திருவாதிரைதான், உங்கள் கடிகாரத்தில் 6.57 வரை இருக்கும். மாமா எழுந்திருப்பார். கோயில் இல்லாவிட்டாலும் எங்காவது ஒரு சின்னப் படத்துக்காவது

அலாரம் அடித்தது. நின்றுவிட்டது.

குளியலறைத் தண்ணீர். அம்மா, "சால்வைய மறந்துடாதீங்க" என்கிறாள்.

சமையலறை விளக்கு. படி வரை வெளிச்சம் வருகிறது. சாவிச் சத்தம் கேட்டது. கார்க் கதவுச் சத்தம் கேட்கவில்லை. நீல மை எழுத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எட்டு வரிகூட இல்லை. என்னுடையது ஒரு பக்கம்.

இன்னும் சத்தமே இல்லை, காமு. அவசரமாக எழுதுகிறேன், உனக்குக் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். இதை ஒளித்து வைக்கப் போவதில்லை. மேஜைமேலேயே இருக்கட்டும். உறையில் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன், அம்மாவிடம் கேட்டு வாங்கிய ஸ்டாம்ப்.

படியில் அப்பா. மெதுவாக ஏறுகிறார். கோபம் வந்தால் இரண்டிரண்டு படியாக ஏறுவார். இது அப்படி இல்லை. இது வேறு மாதிரி. இது எனக்கு

தட்டுகிறார்.